“இல்லை” என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? நன்கொடைக் கடிதம் எழுதுவோர் கேட்க வேண்டிய கேள்வி

ஆண்டுதோறும் ஜொகூர் மாநிலத்தின் தொழிற்பேட்டைகளுக்குத் தமிழர் அமைப்புகளிடமிருந்து கடிதங்கள் போகின்றன. பாசிர் கூடாங், செனாய், கூலாய், குளுவாங் எனத் தொழிற்சாலை உள்ள இடமெல்லாம் அவை போய்ச் சேருகின்றன. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாலை வகுப்புக்கு உதவி கேட்கும். இளைஞர் மன்றம் காற்பந்துப் போட்டிக்குச் சட்டை கேட்கும். ஆலய நிர்வாகம் சமய வகுப்புக்குப் புத்தகம் கேட்கும்.

பெரும்பாலான கடிதங்களுக்குப் பதிலே வருவதில்லை. சிலவற்றுக்கு மட்டும் “இவ்வாண்டு இயலவில்லை, வருந்துகிறோம்” என்று இரண்டு வரி வரும். செயலாளர் அதைக் கோப்பில் சேர்ப்பார். அடுத்த ஆண்டு தேதியை மட்டும் மாற்றி அதே கடிதத்தை மீண்டும் அனுப்புவார். பதிலும் பெரும்பாலும் மாறாது.

இந்தச் சுழற்சியில் வீணாவது அஞ்சல் செலவு மட்டுமல்ல. கடிதம் ஏன் தோற்றது என்பது அதைப் படித்தவருக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது. மறுத்தவர்களில் நம் மீது நல்லெண்ணம் உள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, மனம் திறந்து சொல்லச் சொன்னால் அந்தத் தகவல் நம் கைக்கு வரும். அப்படிக் கேட்க ஒரு முறை இருக்கிறது. முறை தவறினால் உண்மையும் வராது, இருந்த நட்பும் கெடும்.

ஒரு பூச்செடியும் ஒரு கேள்வியும்

மறுப்புக்குப் பின்னால் இருக்கும் காரணத்தைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பலரும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. சீனாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜியா ஜியாங் என்பவர், மறுப்பின் மீது தமக்கிருந்த பயத்தைப் போக்க 2012ஆம் ஆண்டில் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். 100 நாள்களுக்கு முன்பின் தெரியாதவர்களிடம் விசித்திரமான உதவிகளைக் கேட்டு, மறுப்பை வலிய வாங்கிக்கொள்வதே அந்தப் பயிற்சி.

ஒரு நாள் அவர் பூச்செடியுடன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, “இதை உங்கள் வீட்டுப் பின்புறத்தில் நடலாமா?” என்று கேட்டார். வீட்டுக்காரர் முடியாது என்றார். வழக்கமாக அப்படியே திரும்பிவிடும் ஜியாங், அன்று “ஏன் என்று தெரிந்துகொள்ளலாமா?” என்று கேட்டார். பின்புறத்தில் எதை வைத்தாலும் தம் நாய் தோண்டிப் போட்டுவிடும் என்றார் அந்த மனிதர். எதிர்வீட்டுப் பெண்மணிக்குப் பூச்செடி மிகவும் பிடிக்கும், அங்கே கேட்டுப் பாருங்கள் என்றும் சொன்னார். ஜியாங் எதிர்வீட்டுக்குப் போனார். செடி அங்கே நடப்பட்டது.

காரணம் தெரியாமல் திரும்பியிருந்தால், தம் தோற்றமோ பேச்சோ பிடிக்காததால்தான் அவர் மறுத்தார் என்று ஜியாங் நினைத்திருப்பார். உண்மையில் தடையாக இருந்தது ஒரு நாய். அடுத்து எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் மறுத்தவரே சொல்லிவிட்டார்.

அந்த வீட்டுக்காரருக்கு ஜியாங் அந்நியர். அதனால் உண்மையைச் சொல்வதில் அவருக்குச் சங்கடம் இல்லை. நம் ஊரில் நிலைமை வேறு. மறுத்தவர் அதே தோட்டத்தில் வளர்ந்தவராக இருப்பார், அல்லது நம் பள்ளியின் முன்னாள் மாணவராக இருப்பார். கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் நம்மைப் பார்ப்பவர், குறையை முகத்துக்கு நேரே சொல்லத் தயங்குவார்.

நல்லவர்கள் ஏன் உண்மையைச் சொல்வதில்லை?

இந்தத் தயக்கம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்னி ரோசன், ஆபிரகாம் டெஸ்ஸர் ஆகிய இரு உளவியலாளர்கள் 1970இல் இதைப் பற்றி எழுதினார்கள். நல்ல செய்தியை உடனே சொல்லும் மனிதர், கெட்ட செய்தியைத் தள்ளிப்போடுகிறார், மழுப்புகிறார், அல்லது வாயை மூடிக்கொள்கிறார் என்று அவர்கள் கண்டார்கள். கேட்பவரைப் புண்படுத்தக் கூடாது என்பதோடு, கெட்ட செய்தி கொண்டுவந்தவர் என்ற பெயர் வேண்டாம் என்ற எண்ணமும் அதில் உண்டு.

ஆகவே “எங்கள் கடிதம் எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருந்துச்சு, பட்ஜெட்தான் இல்லை” என்ற பதிலே கிடைக்கும். அவர் பொய் சொல்லவில்லை. கேள்வி அவரைத் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்கார வைக்கிறது. அந்த நாற்காலியில் உட்கார அவருக்கு விருப்பமில்லை.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பதிலும் மாறும். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் ஆய்வாளர்கள் சிலர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டுகிறது. பயிற்றுநர் வேலைக்கு ஒருவர் எழுதிய விண்ணப்பக் கடிதத்தை ஏறக்குறைய 200 பேரிடம் கொடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் கடிதத்தைப் பற்றிய கருத்தைக் கேட்டார்கள், இன்னொரு பகுதியினரிடம் ஆலோசனை கேட்டார்கள். கருத்துக் கேட்கப்பட்டவர்கள் பொதுவாகப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர்கள் திருத்த வேண்டிய இடங்களாக 34 விழுக்காடு அதிகமாகவும், திருத்தும் வழிகளாக 56 விழுக்காடு அதிகமாகவும் குறிப்பிட்டார்கள்.

கருத்து என்ற சொல் நடந்து முடிந்ததைப் பற்றியது. ஆலோசனை என்பது இனி நடக்கப் போவதைப் பற்றியது. முடிந்ததைக் குறை சொல்லத் தயங்கும் மனிதர், இனி நடக்கப் போவதற்கு உதவி செய்யத் தயங்குவதில்லை.

யாரிடம் கேட்பது?

குழுவில் இருப்பவர்களும் சொந்தக்காரர்களும் இதற்குப் பொருந்த மாட்டார்கள். அவர்கள் கடிதத்தை எழுதியவரின் கண்ணால்தான் படிப்பார்கள். கடிதம் யாருடைய மேசைக்குப் போனதோ, அல்லது அதைப் போன்ற கடிதங்கள் யாருடைய மேசைக்கு நாள்தோறும் வருகின்றனவோ, அவரே பொருத்தமானவர். தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவு அதிகாரி, நிர்வாக உதவியாளர், சமூக நலத் திட்டங்களைக் கவனிப்பவர் போன்றோர் இந்த வகையினர்.

அவருக்கு நம் மீது கொஞ்சம் அக்கறையும் இருக்க வேண்டும். மறுப்பைத் தாமே எழுதி அனுப்பியவர், “வருத்தமாக இருக்கிறது” என்று தனியே ஒரு வரி சேர்த்தவர், பொது நிகழ்ச்சியில் பார்த்தபோது தாமாகவே அந்தப் பேச்சை எடுத்தவர் ஆகியோரிடம் அந்த அக்கறை தெரியும். அச்சடித்த மறுப்புக் கடிதம் மட்டும் அனுப்பிய நிறுவனத்தில் ஆள் தேடி அலைவதில் பயனில்லை.

அரசாங்க மானியம், வங்கிக் கடன் போன்றவற்றுக்கு இந்த வழி பொருந்தாது. அங்கே முடிவெடுக்கும் அதிகாரி விதிகளுக்குக் கட்டுப்பட்டவர். தனிப்பட்ட முறையில் காரணம் கேட்பது அவரைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும். அந்த அலுவலகத்தின் மேல்முறையீடு, விளக்கம் கேட்கும் நடைமுறை ஆகியவற்றின் வழியாகவே கேட்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்

கூலாய் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பெற்றோர் ஆசிரியர் சங்கம் 24 மாணவர்களுக்கு மாலை நேர வகுப்பு நடத்த நினைக்கிறது. வாரம் இரண்டு வகுப்பு வீதம் 30 வாரங்களுக்கு 60 வகுப்புகள். வகுப்புக்கு 60 வெள்ளி என்று ஆசிரியருக்கு 3,600 வெள்ளி. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடியாது என்பதால், ஒருவருக்கு 1 வெள்ளி 50 காசு வீதம் சிற்றுண்டிக்கு 2,160 வெள்ளி. பயிற்சி நூல்களுக்கு 240 வெள்ளி. ஆக மொத்தம் 6,000 வெள்ளி.

சங்கம் 14 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்புகிறது. 12 நிறுவனங்கள் பதில் எழுதவில்லை. ஒன்றிலிருந்து அச்சடித்த மறுப்பு வருகிறது. இன்னொன்றிலிருந்து மனிதவளப் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா, “இந்த முறை முடியவில்லை தம்பி, மன்னிக்கவும்” என்று தாமே எழுதுகிறார். அவருடைய அப்பா அதே தோட்டத்தில் வேலை செய்தவர். கேட்க வேண்டியவர் அவர்தான்.

மறுப்பு வந்த அன்றே கேட்பது சரியல்ல. மனமாற்றத்துக்கு முயல்வதாகத் தோன்றும். மாதக்கணக்கில் காத்திருந்தால் அவர் கடிதத்தையே மறந்துவிடுவார். ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் கேட்பது பொருத்தம். செயலாளர் புலனத்தில் இப்படி எழுதலாம்:

“வணக்கம் அக்கா. உங்கள் பதிலுக்கு நன்றி. அந்த முடிவை மாற்றக் கேட்டு இதை எழுதவில்லை. அடுத்த மாதம் வேறு ஐந்து நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பப் போகிறோம். அதற்கு முன் உங்கள் ஆலோசனை வேண்டும். எங்கள் கடிதத்தைப் படித்தபோது எந்த இடத்தில் ‘இது நடக்காது’ என்று உங்களுக்குத் தோன்றியது? கடிதம் நீளமாகிவிட்டதோ என்று எங்களுக்கே ஒரு சந்தேகம். நிறுவனத்தின் உள்விவரம் எதுவும் சொல்ல வேண்டாம். வேலை முடிந்தபின் பத்து நிமிடம் பேச முடியுமா? வசதிப்படாவிட்டால் பரவாயில்லை அக்கா.”

முடிவை மாற்றச் சொல்லவில்லை என்று முதலிலேயே எழுதியதால் அக்காவுக்கு நெருக்கடி இல்லை. அடுத்த ஐந்து கடிதங்களைக் குறிப்பிட்டதால் பேச்சு நடந்ததிலிருந்து நடக்கப் போவதற்குத் திரும்புகிறது. நீளம் பற்றிய சந்தேகத்தைத் தாங்களே சொன்னது இன்னும் முக்கியம். குறையைப் பற்றிய பேச்சை எழுதியவரே தொடங்கிவைத்துவிட்டதால், மற்றவர் அதைத் தொடர்வது எளிது. “எந்த இடத்தில்” என்ற கேள்வி கடிதத்தில் ஒரு வரியைக் காட்டச் சொல்கிறது. அதற்கு “நல்லாத்தான் இருந்துச்சு” என்பது பதிலாகாது.

பத்து நிமிடத்தில் என்ன கேட்பது?

பேசும்போது கடிதத்தின் நகல் இருவரிடமும் இருக்க வேண்டும். நினைவிலிருந்து பேசினால் பேச்சு பொதுவாகப் போய்விடும். மூன்று கேள்விகள் போதும்.

முதல் கேள்வி, எங்கே படிப்பதை நிறுத்தினீர்கள் என்பது. அலுவலகத்தில் இத்தகைய கடிதங்களை யாரும் முழுமையாகப் படிப்பதில்லை. கண் எங்கே நின்றது என்பது தெரிந்தால், அதற்குக் கீழே எழுதியவை அனைத்தும் வீண் என்று புரியும்.

இரண்டாவது கேள்வி, இதை உங்கள் மேலாளரிடம் கொண்டுபோயிருந்தால் அவர் என்ன கேட்டிருப்பார் என்பது. இதுதான் மூன்றிலும் பயன்மிக்கது. தம் சொந்தக் குறையாகச் சொல்லத் தயங்குவதை அவர் மேலாளரின் வாயில் வைத்துச் சொல்லிவிடலாம். அலுவலகத்தில் கடிதம் பயணிக்கும் வழியும் அதுதான். நம் கடிதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் முடிவெடுப்பவர் அல்ல. நமக்காக இன்னொருவரிடம் பேச வேண்டியவர். பேசுவதற்கு வேண்டிய தகவல் கடிதத்தில் இல்லாவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

மூன்றாவது கேள்வி, இது எப்போது, யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது.

நம் உதாரணத்தில் அக்கா இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். “முதல் பக்கம் முழுக்கப் பள்ளியின் வரலாறுதான் தம்பி. அரைப் பக்கத்துக்கு மேல் நான் படிக்கவில்லை. எவ்வளவு வேண்டும் என்று எங்கேயும் இல்லை, ‘தங்களால் இயன்றதை’ என்று இருந்தது. என் மேலாளர் சீனர். அவர் முதலில் தொகையைத்தான் கேட்பார், அப்புறம் வரிவிலக்கு ரசீது உண்டா என்று கேட்பார். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. கடிதம் நிர்வாக இயக்குநர் பெயருக்கு வந்து, அங்கே பத்து நாள் கிடந்து, அப்புறம்தான் எங்கள் பிரிவுக்கு வந்தது. வகுப்பு தொடங்க அப்போது மூன்று வாரம்தான் இருந்தது. பணத்தைப் பொருளாளரின் சொந்தக் கணக்கில் போடச் சொல்லியிருந்தீர்கள். அதை நான் மேலே கொண்டுபோகவே முடியாது.”

இதைக் கேட்கும்போது செயலாளருக்கு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லத் தோன்றும். சங்கக் கணக்கில் கையொப்பமிடுபவர் மாறிவிட்டதால்தான் பொருளாளர் கணக்கைக் கொடுத்தோம் என்று சொல்ல வாய் துடிக்கும். சொல்லக் கூடாது. விளக்கம் தொடங்கிய உடனே எதிரில் இருப்பவர் “ஓ, அப்படியா, அப்போ சரி” என்று பின்வாங்கிவிடுவார். அதற்குப் பின் அவரிடமிருந்து எதுவும் வராது. எழுதிக்கொள்வதும், “வேறு ஏதாவது?” என்று கேட்பதும் மட்டுமே அந்தப் பத்து நிமிடத்துக்கான வேலை. மிக முக்கியமான குறையை மக்கள் பெரும்பாலும் கடைசியில்தான் சொல்வார்கள். மேலே அக்கா சொன்னதிலும் வங்கிக் கணக்கு கடைசியில்தான் வந்தது.

கேட்டதைப் பிரித்துப் பார்ப்பது

வந்த காரணங்கள் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. வரலாறு நீண்டதும் தொகை இல்லாததும் எழுத்தின் குறைகள். அவற்றை ஒரு மாலைப் பொழுதில் திருத்திவிடலாம். இயக்குநருக்குப் போனதும் மூன்று வாரத்துக்கு முன் போனதும் வழியின் குறைகள். அடுத்த முறைதான் திருத்த முடியும். வங்கிக் கணக்கும் ரசீதும் அமைப்பின் குறைகள். அவை தீராமல் எவ்வளவு அழகாக எழுதினாலும் பயனில்லை.

ரசீது விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் பணத்தை, நிறுவனங்கள் தம் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை இப்படிக் கழிக்கலாம். எல்லாச் சங்கங்களுக்கும் இந்த அங்கீகாரம் இல்லை. இல்லாத சங்கம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அங்கீகாரம் பெற்ற ஓர் அறவாரியத்தின் வழியாகத் திட்டத்தை நடத்த முடியுமா என்று முறைப்படி விசாரிக்கலாம். அல்லது, ரசீது இல்லை என்பதைக் கடிதத்திலேயே தெளிவாகச் சொல்லி, பணத்துக்குப் பதில் நூலாகவோ சிற்றுண்டியாகவோ கேட்கலாம்.

காலமும் அப்படித்தான். ஜப்பானிய நிறுவனங்கள் பலவற்றுக்கு நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வேறு பல நிறுவனங்களுக்கு ஜனவரியில் தொடங்குகிறது. ஜனவரியில் தொடங்கும் வகுப்புக்கு டிசம்பரில் கடிதம் போட்டால், ஒதுக்கப்பட்ட பணம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், அடுத்த ஆண்டுக்கான பணமும் பங்கிடப்பட்டிருக்கும். உங்கள் நிறுவனத்தில் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை எந்த மாதம் எழுதுவீர்கள் என்ற ஒரு கேள்விக்கு நட்புள்ள அதிகாரி தயங்காமல் பதில் சொல்வார். அதில் ரகசியம் எதுவும் இல்லை.

அக்காவிடம் பேசிய பிறகு கடிதத்தின் தொடக்கம் எப்படி மாறும் என்று பாருங்கள். அலுவலகத்துக்குப் போகும் கடிதம் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதன் பொருளை மட்டும் இங்கே தமிழில் தருகிறோம். பழைய கடிதம், பள்ளி எப்போது யாரால் தொடங்கப்பட்டது என்று ஆரம்பித்து, கல்வியின் சிறப்பைச் சொல்லி, இரண்டாம் பக்கத்தில் தங்களால் இயன்றதை வழங்குமாறு கேட்டது. புதிய கடிதம் இப்படித் தொடங்கலாம்:

“எங்கள் பள்ளியின் 24 மாணவர்களுக்கு அடுத்த ஆண்டு 60 மாலை வகுப்புகள் நடத்த 6,000 வெள்ளி தேவைப்படுகிறது. ஒரு மாணவருக்கு ஆண்டு முழுவதற்கும் 250 வெள்ளி. தங்கள் நிறுவனம் எட்டு மாணவர்களுக்கான 2,000 வெள்ளியை ஏற்க வேண்டுகிறோம். பணம் சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவு அறிக்கை அனுப்புவோம்.”

இந்த ஐந்து வரியை வைத்துக்கொண்டு மனிதவளப் பிரிவு அக்கா தம் மேலாளரின் அறைக்குள் போக முடியும். அவர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் முதல் வரியிலேயே இருக்கிறது.

ஏமாறும் இடங்கள்

கேட்ட பதில் உண்மையா, மழுப்பலா என்பதை எப்படி அறிவது? உண்மையான பதிலில் ஒரு வரி, ஒரு தொகை, ஒரு தேதி, ஒரு மேசை என்று சுட்டிக்காட்டக்கூடிய ஏதாவது இருக்கும். மழுப்பலான பதிலில் பெயரடைகள் மட்டுமே இருக்கும். “நல்ல முயற்சி”, “இன்னும் கொஞ்சம் நல்லா எழுதலாம்”, “நேரம் சரியில்லை” போன்றவற்றை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. அப்படிப்பட்ட பதில் வந்தால் மேலும் வற்புறுத்த வேண்டாம். முதல் பத்தியை இரண்டு விதமாக எழுதி அனுப்பி, “இரண்டில் எதை உங்கள் மேலாளரிடம் காட்டுவீர்கள்?” என்று கேட்கலாம். குறை சொல்லத் தயங்குபவரும் தேர்ந்தெடுக்கத் தயங்க மாட்டார்.

ஒருவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் தவறு. அக்காவின் மேலாளருக்குப் பள்ளி வரலாறு பிடிக்காமல் இருக்கலாம். உள்ளூர்த் தமிழர் நடத்தும் ஒரு நிறுவனத்தின் முதலாளிக்கு அந்த வரலாறுதான் மனத்தைத் தொடும். ஆகவே வங்கிக் கணக்கு போன்ற அப்பட்டமான குறையை ஒருவர் சொன்னாலே திருத்திவிட வேண்டும். நடை, நீளம், தொனி போன்ற விருப்பம் சார்ந்தவற்றில், ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரே குறையைச் சொல்லும்வரை காத்திருப்பது நல்லது.

அடுத்த சுற்றின் முடிவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். முன்பு 14 கடிதத்தில் ஒன்றுகூட வெற்றி பெறவில்லை, இப்போது ஐந்தில் ஒன்று வெற்றி என்றால், திருத்தம் வேலை செய்தது என்று உடனே முடிவுகட்ட முடியாது. எண்ணிக்கை சிறியது, அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். இன்னொரு அடையாளம் நம்பகமானது. முன்பு மௌனமாக இருந்த இடங்களிலிருந்து இப்போது கேள்வி வருகிறதா? “அறிக்கையின் மாதிரி இருக்கிறதா?”, “நூலாகக் கொடுக்கலாமா?” என்று யாராவது கேட்டால், கடிதம் படிக்கப்பட்டிருக்கிறது, யாரோ ஒருவர் அதை மேலே கொண்டுபோக முயல்கிறார் என்று பொருள். பணம் வராவிட்டாலும் அது முன்னேற்றம்தான்.

இதற்கு ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். அனுப்பிய தேதி, யாருக்கு, என்ன பதில், சொன்ன காரணம், அதற்குப் பின் மாற்றியது என்று ஐந்து கட்டம் போட்டுக்கொண்டால், நிர்வாகம் மாறினாலும் அடுத்த செயலாளர் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பொறுப்பாளர்கள் மாறும் நம் அமைப்புகளில் இந்த நோட்டு இல்லாததால்தான் ஒரே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

சொன்னவரைக் காப்பாற்றுவது

சிறிய சமூகத்தில் மிக முக்கியமான விதி இதுதான். மனம் திறந்து பேசியவரின் பெயர் கூட்டத்தில் வரக் கூடாது. “அந்தக் கம்பெனியில இருக்கிற அக்கா சொன்னாங்க, அவங்க மேலாளர் இப்படித்தானாம்” என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னால், அது மாலைக்குள் புலனக் குழுவில் சுற்றும், இரண்டு நாளில் தொழிற்சாலைக்குப் போய்விடும். அவருக்கு வேலையிடத்தில் பெயர் கெடும். அதற்குப் பின் அந்த வட்டாரத்தில் யாரும் எந்தச் சங்கத்துக்கும் உண்மை சொல்ல மாட்டார்கள். “கடிதங்களைப் பார்வையிடும் ஒருவரிடம் விசாரித்தோம், தொகையும் சங்கக் கணக்கும் வேண்டும் என்கிறார்” என்று சொன்னால் போதும்.

அதேபோல், ஆலோசனை கேட்பதாகச் சொல்லிவிட்டுப் பேச்சின் முடிவில் “அப்போ இந்தத் தடவை மட்டும் ஏதாவது பார்க்க முடியுமா அக்கா?” என்று கேட்கக் கூடாது. அந்த ஒரு வாக்கியம் அதற்கு முன் பேசியதை எல்லாம் தந்திரமாக்கிவிடும். அவராகவே கதவைத் திறந்தால் அது வேறு. அந்த உரிமை அவருடையது.

மாற்றிய கடிதத்தின் நகலை ஒரு மாதத்துக்குள் அவருக்கு அனுப்பி, அவர் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை என்று இரண்டு வரி எழுத வேண்டும். முடிவு தெரிந்தபின், பணம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அதையும் சொல்ல வேண்டும். தம் சொல் பயன்பட்டது என்று தெரிந்தவர், அடுத்த ஆண்டு திட்டம் எழுதும் மாதத்தில் “தம்பி, இப்போ அனுப்புங்க” என்று தாமே அழைக்கக்கூடும்.

கண்டித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், பகைவர் இல்லாவிட்டாலும் அழிந்துவிடுவான் என்ற எச்சரிக்கை, திருக்குறளில் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வருகிறது. அங்கே பேசப்படுவது நாடு. இங்கே 24 பிள்ளைகளின் மாலை வகுப்பு. டிசம்பரில் போகும் கடிதம் இன்னொரு முறை பொருளாளரின் சொந்தக் கணக்கு எண்ணுடன் போனால், அந்தப் பிள்ளைகள் இன்னோர் ஆண்டு வகுப்பில்லாமல் வீட்டுக்குப் போவார்கள்.